பதினெட்டுப் புள்ளிகள்: தேவநாகரிக் கூட்டெழுத்தில் ஒளிந்திருக்கும் எழுத்துகள்

சிவன் கோயிலில் அபிஷேகம் பார்த்துக்கொண்டு நின்றே எனக்கு மனப்பாடமான மந்திரம் ‘த்ர்யம்பகம் யஜாமஹே’. ருக்வேதத்தின் 7-ஆவது மண்டலத்தில், 59-ஆவது சூக்தத்தின் 12-ஆவது மந்திரம் அது. மிருத்யுஞ்ஜய மந்திரம் என்றால் பலருக்கும் தெரியும். தேவநாகரி கற்கத் தொடங்கி, உயிரும் மெய்யும் ஒருவழியாகக் கைவந்த பிறகு, வாய்க்குத் தெரிந்த ஒன்றையே படித்துப் பழகலாம் என்று இதை எடுத்தேன். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டேன். வாய் ‘த்ர்ய’ என்கிறது. கண்ணுக்கு முன்னால் இருந்ததோ அரிச்சுவடியில் எங்கும் காணாத ஓர் உருவம்.

அரிச்சுவடியில் அது இருக்காது. ஏனென்றால் அது ஓர் எழுத்து அல்ல; மூன்று எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் கூட்டம். முழு மந்திரம் இது:

त्र्यम्बकं यजामहे सुगन्धिं पुष्टिवर्धनम् ।
उर्वारुकमिव बन्धनान्मृत्योर्मुक्षीय मामृतात् ॥

தமிழ் எழுத்தில் எழுதினால் இப்படி இருக்கும்:

த்ர்யம்பகம் யஜாமஹே ஸுகந்திம் புஷ்டிவர்தனம்
உர்வாருகமிவ பந்தனான்ம்ருத்யோர்முக்ஷீய மாம்ருதாத்

தமிழில் அச்சாகும் மந்திரப் புத்தகங்கள் க, ப, த போன்ற எழுத்துகளின் தோளில் 2, 3, 4 என்று சிறிய எண்களைப் போட்டு ஒலி வேறுபாட்டைக் காட்டும். இங்கே நமக்கு அது தேவையில்லை; புள்ளிகள் மட்டும் போதும்.

தமிழில் மெய்யெழுத்து பொதுவாக ஒளிந்துகொள்வதில்லை. அகரம் நீங்கிவிட்டதா, தலையில் புள்ளி ஏறிவிடும். தொல்காப்பியமும் மெய்க்குப் புள்ளியைத்தான் அடையாளமாகச் சொல்கிறது. தேவநாகரியிலும் அதே வேலைக்கு ஒரு குறி உண்டு: எழுத்தின் காலடியில் சாய்வாக இழுக்கும் சிறு கோடு. क என்பது க. क् என்பது க். அந்தக் கோட்டின் பெயர் விராமம். ஹலந்தம் என்றும் சொல்வார்கள். ஆனால் சொல்லின் நடுவில் அதைப் போடுவது வழக்கம் இல்லை. மெய்யை அடுத்த எழுத்தோடு ஒட்டிவிடுகிறார்கள்; ஒட்டிய மாத்திரத்தில் கோடு தேவையற்றுப் போய்விடுகிறது. அசோகர் காலத்துப் பிராமியில் முதல் மெய்க்கு நேர் கீழே இரண்டாவதை எழுதினார்கள். இன்றைய கூட்டெழுத்துகள் அந்தப் பழக்கத்தின் வாரிசுகள்.

ஆகவே நான் கண்டுபிடித்த வழி மிகவும் எளிது. தமிழ் வடிவில் உள்ள புள்ளிகளை எண்ணிவிட்டு, ஒவ்வொன்றும் தேவநாகரியில் எங்கே போயிற்று என்று தேட வேண்டும். முதல் வரியில் 9, இரண்டாம் வரியில் 9, ஆக 18. உங்கள் திரையில் எண்ணும்போது 17-தான் வந்தால் பதற வேண்டாம். காணாமல் போன அந்த ஒன்றைப் பிறகு பார்க்கலாம்.

முதலில் சுலபமானவை. न, म, त, ष ஆகிய எழுத்துகளைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் வலப்பக்கத்தில் ஒரு நின்ற கோடு இருக்கிறது. இவை மெய்யாகி அடுத்த எழுத்தோடு சேரும்போது அந்தக் கோடு விழுந்துவிடும். மீதி உடல் அடுத்த எழுத்தின் இடப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். न முழு எழுத்து. न्‍ அரை எழுத்து. கோட்டுக்குள் அகரம் குடியிருக்கிறது, கோடு போனால் அகரமும் போயிற்று என்று நான் நினைவில் வைத்துக்கொண்டேன். எழுத்து வரலாறு அப்படிச் சொல்லவில்லை, ஆனால் படிக்க இது உதவும்.

இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டே மந்திரத்தில் ஆறு கூட்டெழுத்துகளைத் திறந்துவிடலாம். त्र्यम्बकं என்பதில் ம்+ப (म्ब), सुगन्धिं என்பதில் ந்+தி (न्धि), पुष्टि என்பதில் ஷ்+டி (ष्टि), बन्धनान् என்பதில் ந்+த (न्ध), அதையடுத்து ன்+ம்ரு (न्मृ), பிறகு த்+யோ (त्यो). இவற்றில் ष्ट மட்டும் எழுத்துருவுக்கு எழுத்துரு வேடம் மாற்றும். ட-வுக்கு நின்ற கோடே கிடையாது, உருண்டையான எழுத்து. எனவே சில அச்சுகளில் ஷகரத்தின் பக்கத்திலும் சிலவற்றில் அதன் வயிற்றுக்குக் கீழேயும் உட்காரும். இரண்டும் ஒன்றுதான்.

இங்கே இரண்டு இடங்களில் கால் இடறும். ஒன்று, காதும் கண்ணும் சொல்லை வேறு வேறு இடத்தில் வெட்டுவது. ஓதும்போது ‘பந் - தனான்’ என்று பிரிகிறது. நகரம் முந்தைய அசையோடு போய்ச் சேர்ந்து அதைக் கனமாக்குகிறது. எழுத்திலோ ब - न्ध என்று பிரிகிறது. நகரம் பின்னால் வரும் எழுத்தின் மடியில் உட்கார்ந்திருக்கிறது. காதால் கற்றவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இதனால்தான். ‘பந்’ என்ற ஒலிக்கு ஓர் உருவத்தைத் தேடுகிறார்கள். அப்படி ஒன்று அங்கே இல்லை.

இன்னொன்று இகரக் குறி. सुगन्धिं என்ற சொல்லைக் கூர்ந்து பாருங்கள். ग-வுக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது ि என்ற கொக்கி. அவசரப்பட்டால் ‘ஸுகின்த’ என்று வாசித்துவிடுவோம். அந்த இகரம் கூட்டத்தின் கடைசி மெய்யாகிய ध-வுக்கு உரியது. ஆனால் கூட்டம் முழுவதையும் ஓர் எழுத்தாகக் கருதுவதால், குறி அந்தக் கூட்டத்துக்கே இடப்பக்கமாக, ந் என்பதற்கும் முன்னால் போய் நிற்கிறது. पुष्टि-யிலும் இதே கதைதான். தமிழர்களுக்கு இது புதிதல்ல. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பை முதலில் போட்டுவிட்டு ககரத்தை முதலில் ஒலிக்கிறோம் அல்லவா? அதே வித்தைதான். இரண்டு மெய்களைத் தாண்டி நடப்பதால் கொஞ்சம் மிரட்டுகிறது.

அடுத்து ரகரம். தேவநாகரியில் ர் போல ஒளிந்து விளையாடும் எழுத்து வேறொன்று இல்லை. அது கூட்டத்தின் தொடக்கத்தில் வந்தால் கூரை மேல் ஏறிவிடும். வேறு மெய்க்குப் பின்னால் வந்தால் காலடியில் ஒரு சாய்கோடாக ஒதுங்கும்.

கூரை மேல் ஏறும் வடிவத்துக்கு ரேபம் என்று பெயர். தலைக்கோட்டுக்கு மேலே பிறை போன்ற சின்ன வளைவு. நம் மந்திரத்தில் அது மூன்று இடங்களில் இருக்கிறது: वर्धनम्-இல் र्ध, उर्वारुकम्-இல் र्वा, त्योर्मुक्षीय-வில் र्मु. எந்த எழுத்தின் தலையில் இருக்கிறதோ அந்த எழுத்துக்கு முன்னால் அதை ஒலிக்க வேண்டும். வகரத்தின் தலைப்பக்கம் இருந்தால் ‘வர்’ அல்ல, ‘ர்வ’. உர்வா என்பதில் இன்னும் ஒரு படி குழப்பம்: ஆகாரக் கோடு வந்துவிட்டதால் ரேபம் வகரத்தை விட்டு நகர்ந்து, வலப்பக்கத்தில் நிற்கும் அந்தக் கோட்டின் உச்சிக்குப் போய்விடுகிறது. அதாவது உ, ர், வ், ஆ என்று ஒலிக்க வேண்டியதில் இரண்டாவதாக வரும் ர் எழுத்தில் கடைசியாக நிற்கிறது. ரேபத்தைக் கண்டால் கண் ஓர் எழுத்து பின்வாங்க வேண்டும். எனக்கு இது பழகவே சில வாரங்கள் ஆயின.

இப்போது முதல் எழுத்துக்குத் திரும்பலாம். த்ர்ய என்பதில் ரகரம் தொடக்கத்தில் இல்லை, தகரத்துக்குப் பின்னால் வருகிறது. எனவே கூரைக்குப் போகாமல் காலடிக்குப் போகிறது. த+ர சேர்ந்தால் त्र. நின்ற கோட்டின் இடப்பக்கத்தில் இரண்டு கிளைகள் தெரியும்; மேலே இருப்பது தகரத்தின் கை, கீழ்நோக்கிச் சாய்வது ரகரம். தகரம் தன் வழக்கமான வளைவை விட்டுக்கொடுத்துவிட்டதால்தான் அடையாளம் தெரியாமல் போகிறது. அடுத்து யகரம் வருகிறது. உடனே நமது பழைய விதி மறுபடி வேலை செய்கிறது: த்ர-வின் நின்ற கோடு விழுந்து, மீதி யகரத்தின் இடப்பக்கத்தில் ஒட்டுகிறது. त्र्य. இரண்டு புள்ளிகள் ஒரே உருவத்துக்குள். வலமிருந்து பார்த்தால் யகரம் முழுதாக இருக்கிறது. அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைப் பார்த்தால் த்ர் தெரிந்துவிடும். நீண்ட கூட்டெழுத்து எதுவாக இருந்தாலும் நான் இப்படி வலக்கோடியிலிருந்துதான் உரிக்கிறேன். கடைசி எழுத்துதான் பெரும்பாலும் முழு உருவத்தோடு இருக்கும்.

இதுவரை 11 புள்ளிகள் கிடைத்துவிட்டன: அரை எழுத்தாக 6, ரேபமாக 3, த்ர்ய-வுக்குள் 2. மீதி 7-இல் ஆறு கூட்டெழுத்துக்குள் போகவே இல்லை.

அவற்றில் இரண்டு வெளிப்படையாக நிற்கின்றன. வரி முடிவில் वर्धनम्, मामृतात् என்று விராமக் கோட்டுடனே எழுதியிருக்கிறது. ஒட்டிக்கொள்ள அடுத்த எழுத்து இல்லையே, பாவம்.

இரண்டு, எழுத்தின் தலையில் பொட்டாக மாறியிருக்கின்றன: त्र्यम्बकं, सुगन्धिं ஆகிய சொற்களின் கடைசி. இந்தப் பொட்டு அனுஸ்வாரம். தமிழர்களுக்கென்றே வெட்டிய குழி இது. பார்ப்பதற்கு நம் புள்ளி மாதிரியே தலைக்கு மேல் இருக்கிறது; கண் பழக்கத்தில் कं என்பதை ‘க்’ என்று படித்துவிடுகிறோம். அது ‘கம்’. நம் புள்ளி ஓர் ஒலியை எடுக்கிறது, இந்தப் பொட்டு ஓர் ஒலியைச் சேர்க்கிறது. போதாததற்கு, மராத்தி, இந்தி அச்சு வழக்கத்தில் சொல்லின் நடுவிலும் இதைத் தாராளமாகப் பயன்படுத்துவார்கள். அந்தப் புத்தகங்களில் இதே மந்திரம் त्र्यंबकं, सुगंधिं, बंधनान् என்று இருக்கும். म्ब, न्ध ஆகிய கூட்டெழுத்துகள் அங்கே கிடைக்காது. பிழை என்று எண்ண வேண்டாம். பொட்டு எந்த எழுத்துக்கு முன்னால் வருகிறதோ அதன் இன மெல்லெழுத்தாக ஒலித்தால் சரியாகிவிடும்.

இன்னும் இரண்டு, உண்மையில் புள்ளிகளே அல்ல. ம்ருத்யு, அம்ருதம் என்று தமிழில் ‘ம்ரு’ போட்டு எழுதுகிறோம். தேவநாகரியில் அங்கே இருப்பது मृ. கீழே வளைந்து தொங்கும் கொக்கி ரகரம் அல்ல. ऋ என்ற உயிரெழுத்தின் குறி. தமிழில் அந்த உயிர் இல்லாததால் நாம் மெய்யும் ரகரமுமாக உடைத்து எழுதுகிறோம். தமிழ் தன்னியல்பில் அமிர்தம், மிருகம், கிருஷ்ணன் என்று ஆளுக்கொரு விதமாக உடைத்துக்கொண்டதும் இதே உயிர்தான். எனவே मृ கூட்டெழுத்து அல்ல, சாதாரண உயிர்மெய். ம்+ர உண்மையாகச் சேர்ந்தால் म्र. அங்கே கோட்டின் இடப்புறமாக ஒரு சாய்கோடு இருக்கும், தொங்கும் கொக்கி இருக்காது. கொக்கி கண்டால் உயிர், சாய்கோடு கண்டால் ரகரம்.

மிஞ்சியது ஒன்று: முக்ஷீய. க் இருக்க வேண்டிய இடத்தில் क இல்லை, ஷ இருக்க வேண்டிய இடத்தில் ष இல்லை. क्ष என்று மூன்றாவது ஓர் ஆள் நிற்கிறார். உடைத்துப் பார்த்துப் பயன் இல்லை. அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டிய வடிவங்களில் ஒன்று இது. ஜ்+ஞ சேர்ந்த ज्ञ இன்னொன்று, இந்த மந்திரத்தில் அதற்கு இடமில்லை. ஆனால் க்ஷ நமக்கு எப்போதிலிருந்தோ தெரியும். பக்ஷணம், லக்ஷ்மி என்று கிரந்த எழுத்தில் நாம் எழுதும் அந்தக் க்ஷ-வைப் பாருங்கள்: க, ஷ இரண்டும் இடுப்போடு இடுப்பு ஒட்டிக்கொண்டிருக்கும்; பெரும்பாலான எழுத்துருக்களில் தலையில் புள்ளி இருக்காது. எண்ணிக்கையில் குறைந்த அந்த 18-ஆவது புள்ளி இங்கேதான் இருக்கிறது. தமிழ் அச்சிலேயே நாள்தோறும் ஒரு கூட்டெழுத்தைப் படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறோம்.

ஐயமாக இருந்தால் சரிபார்க்கக் கணினியோ கைப்பேசியோ போதும். அச்சில் மறைந்த விராமம் தட்டச்சில் மறைவதில்லை; ஒவ்வொரு மெய்க்கும் அதைத் தட்டியே ஆக வேண்டும். யூனிகோடு இவற்றை ஒலிக்கும் வரிசையிலேயே வைத்துக்கொள்கிறது:

```
क्ष   = क  ्  ष        0915 094D 0937
र्ध   = र  ्  ध        0930 094D 0927
त्र्य  = त  ्  र  ्  य   0924 094D 0930 094D 092F
```

094D என்பதுதான் விராமம். கூரைமேல் ஏறிய ரேபம்கூட உள்ளே முதல் இடத்தில்தான் இருப்பதைக் கவனியுங்கள். இந்தி விசைப்பலகையில் இந்த வரிசையில் தட்டிவிட்டு, அழிக்கும் விசையை ஒவ்வொரு தடவையாக அழுத்துங்கள். பல செயலிகளில் கூட்டெழுத்து மொத்தமாக அழியாது. கடைசிக் குறி மட்டும் போய், त्र्य என்பது त्र् ஆகி, பிறகு त्र ஆகி, அவிழ்ந்துகொண்டே வரும். எனக்கு எந்தப் பாடப் புத்தகமும் இவ்வளவு தெளிவாக இதைக் காட்டவில்லை. எழுத்துருவில் ஒரு கூட்டெழுத்துக்கு வடிவம் இல்லாவிட்டால் விராமக் கோடு அப்படியே தெரியும்படி தனித்தனியாகக் காட்டிவிடும்; அழகு குறைவு, பொருள் மாறாது.

எழுத்தைத் திறந்த பிறகும் சொல் திறக்காத ஓர் இடம் இந்த மந்திரத்தில் உண்டு: बन्धनान्मृत्योर्मुक्षीय. இது ஒரு சொல் அல்ல. பந்தனாத், ம்ருத்யோஃ, முக்ஷீய என்று மூன்று. கட்டிலிருந்து, மரணத்திலிருந்து, விடுபடுவேனாக. பந்தனாத்-தின் கடைசி த், மகரத்தைக் கண்டதும் ன் ஆகிவிட்டது. கல்லும் மலையும் சேர்ந்து கன்மலை ஆவதுபோல. ம்ருத்யோஃ என்பதன் கடைசி விசர்க்கம், மகரத்துக்கு முன் ர் ஆகிவிட்டது. இப்படி மெய்யில் முடிந்த சொல், அடுத்த சொல்லின் முதல் எழுத்தோடு கூட்டெழுத்தாக ஒட்டிக்கொண்டதும் இடைவெளி விடவே வழியில்லாமல் போகிறது. न्मृ என்ற ஒரே உருவத்தில் ஒரு சொல்லின் வாலும் இன்னொரு சொல்லின் தலையும் இருக்கின்றன. தொடக்க நிலைக்கென்று அச்சிடும் சில புத்தகங்கள் बन्धनान् मृत्योर् मुक्षीय என்று விராமம் போட்டுப் பிரித்துக் கொடுக்கும். கிடைத்தால் அதையே முதலில் வாங்குங்கள். ருக்வேதத்தைச் சொல் சொல்லாகப் பிரித்துக் கொடுத்தது சாகல்யரின் பதபாடம். அவர் பிரிக்காமல் விட்ட மந்திரங்கள் ஆறு. அந்த ஆறில் இதுவும் ஒன்று என்பது வேடிக்கை.

கடைசியாக, எழுத்தில் ஒளியாமல் எழுத்துக்கே வெளியே நிற்கும் ஒன்று. மந்திரத்தின் சந்தஸ் அனுஷ்டுப். பாதத்துக்கு 8 அசை. விரல் விட்டு எண்ணுங்கள்: த்ர்யம் - ப - கம் - ய - ஜா - ம - ஹே. ஏழுதான் வருகிறது. அடுத்த பாதம் ஸு - கந் - திம் - புஷ் - டி - வர் - த - னம், சரியாக எட்டு. குறைந்த அந்த ஓர் அசை த்ர்ய-வுக்குள் இருந்திருக்க வேண்டும் என்று யாப்பு ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்: த்ரி + அம்பகம், யகரம் இணையும்போது இகரத்தை விழுங்கிவிட்டது, ‘த்ரியம்பகம்’ என்று விரித்தால் எட்டு ஆகிவிடும். ஓதுபவர்கள் எழுதியபடி த்ர்யம்பகம் என்றுதான் ஓதுகிறார்கள். மூன்று மெய்யையும் சேர்த்து உச்சரிக்க வராமல் என் பாட்டி கடைசிவரை ‘திரியம்பகம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான் சிறுவயதில் அதைத் திருத்தியதும் உண்டு.